சாஃப்ட்மேக்ஸும் வெப்பநிலையும்: மாடலின் மதிப்பெண் நிகழ்தகவாக மாறும் விதம்

ஒரு மொழி மாடல் அடுத்த சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் தனக்குத் தெரிந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண் நிகழ்தகவு அல்ல. அது 4 ஆக இருக்கலாம், 2.5 ஆக இருக்கலாம், −1 ஆகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் கூட்டினால் 1 வரவேண்டும் என்ற கட்டாயமும் அதற்கு இல்லை. இந்த மூல மதிப்பெண்ணை லாஜிட் என்கிறார்கள். லாஜிட்டுகளை நிகழ்தகவுகளாக மாற்றும் வேலையைச் செய்வது சாஃப்ட்மேக்ஸ். அந்த மாற்றத்துக்குச் சற்று முன்னால் லாஜிட்டுகளை வகுக்கும் எண்தான் வெப்பநிலை. டெம்பரேச்சர் என்று அமைப்புகளில் பார்ப்பது இதைத்தான்.

வெப்பநிலையைக் கூட்டினால் மாடல் படைப்பாற்றலோடு எழுதும், குறைத்தால் உண்மையாகப் பேசும் என்ற விளக்கம் பரவலாக இருக்கிறது. அது பாதிதான் சரி. அந்த எண் உள்ளே என்ன செய்கிறது என்று ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பார்த்தால், எங்கே அது உதவும், எங்கே ஏமாற்றும் என்பது தானாகத் தெளிவாகும். அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: ஏன் நேராக வகுத்துவிடக் கூடாது

"வானத்தில் கருமேகம் சூழ்ந்தது, சற்று நேரத்தில் ..." என்று ஒரு வாக்கியம் நிற்கிறது. அடுத்து வரக்கூடிய சொற்கள் நான்கு மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். மாடல் தந்த லாஜிட்டுகள் இவை:

மழை 4.0, காற்று 2.5, இடி 2.0, வெயில் −1.0

ஒவ்வொன்றையும் மொத்தக் கூட்டுத்தொகையான 7.5-ஆல் வகுத்தால் என்ன என்று தோன்றும். வெயிலுக்கு எதிர்மறை நிகழ்தகவு வந்துவிடும், அதற்குப் பொருளே இல்லை. கூட்டுத்தொகை தற்செயலாகப் பூஜ்யமாக அமைந்தால் வகுக்கவே முடியாது. ஆகவே முதலில் எல்லா எண்களையும் நேர்மறையாக்க வேண்டும், அவற்றின் வரிசையும் மாறக்கூடாது. e என்ற எண்ணை (ஏறத்தாழ 2.718) அந்த லாஜிட்டின் அடுக்குக்கு உயர்த்தினால் இரண்டும் கிடைக்கும். e-யின் எந்த அடுக்கும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. பெரிய லாஜிட்டுக்குப் பெரிய எண்ணே வரும்.

இரண்டாம் படி: கையால் ஒரு கணக்கு

நேரே e⁴ என்று தொடங்காமல், முதலில் எல்லா லாஜிட்டுகளிலிருந்தும் மிகப் பெரியதைக் கழித்துவிடுங்கள். இங்கே மிகப் பெரியது 4.0. கழித்த பிறகு கிடைப்பவை 0, −1.5, −2, −5. இப்படிக் கழிப்பதால் விடை மாறாது. ஏன் என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம். இப்போது அடுக்கேற்றுங்கள்:

மழை 1.0000, காற்று 0.2231, இடி 0.1353, வெயில் 0.0067

கூட்டினால் 1.3652 (கடைசி இலக்கம் முழுமையாக்கலால் சற்று அசையலாம்). ஒவ்வொன்றையும் இதனால் வகுத்தால் மழைக்கு 0.7325, காற்றுக்கு 0.1634, இடிக்கு 0.0991, வெயிலுக்கு 0.0049. இதோடு சாஃப்ட்மேக்ஸ் முடிந்தது. கழி, அடுக்கேற்று, கூட்டு, வகு: வேலை அவ்வளவே.

இந்த விடையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மழைக்கும் காற்றுக்கும் இடையிலான விகிதம் 0.7325 / 0.1634, அதாவது சுமார் 4.48. இது e-யை 1.5-இன் அடுக்குக்கு உயர்த்தினால் வரும் எண். 1.5 என்பது அவற்றின் லாஜிட்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளி. ஆக, இரு சொற்களின் நிகழ்தகவு விகிதத்தை முடிவு செய்வது அவற்றின் லாஜிட் இடைவெளி மட்டுமே. லாஜிட் 4-ஆ 400-ஆ என்பது பொருட்டே அல்ல. எல்லா லாஜிட்டோடும் 100-ஐக் கூட்டினாலும் கழித்தாலும் இடைவெளிகள் அப்படியே இருக்கும், விடையும் அப்படியே இருக்கும். மிகப் பெரியதைக் கழித்தும் விடை மாறாததற்குக் காரணம் இதுதான். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் வெப்பநிலையைப் பற்றி மனப்பாடம் செய்ய எதுவும் மிஞ்சாது.

கழிப்பது அழகுக்காக அல்ல, அவசியத்துக்காக. கணினியில் 32-பிட் தசம எண்ணில் e-யின் அடுக்கு 88.7-ஐத் தாண்டினால் எண் கொள்ளாமல் முடிவிலி ஆகிவிடும். 16-பிட்டில் அந்த எல்லை இன்னும் மோசம்: அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 65504, ஆகவே அடுக்கு சுமார் 11-ஐத் தாண்டினாலே போச்சு. முடிவிலியை முடிவிலியால் வகுத்தால் திரையில் 'எண் அல்ல' என்று பொருள்படும் `nan` வரும். மிகப் பெரியதைக் கழித்துவிட்டால் அடுக்கில் வரும் அதிகபட்ச எண் 0, அதன் விடை 1. மற்றவை அதைவிடச் சிறியவை. எதுவும் பொங்கி வழியாது.

மூன்றாம் படி: வெப்பநிலையைச் சேர்ப்பது

வெப்பநிலையை T என்று குறிப்போம். அடுக்கேற்றுவதற்கு முன் ஒவ்வொரு லாஜிட்டையும் T-ஆல் வகுக்க வேண்டும். வேறு எந்த மாற்றமும் இல்லை.

```python
import numpy as np

def softmax(z, T=1.0):
    z = np.asarray(z, dtype=np.float64) / T
    z = z - z.max()
    e = np.exp(z)
    return e / e.sum()

print(softmax([4.0, 2.5, 2.0, -1.0], T=2.0).round(4))
# [0.5202 0.2457 0.1914 0.0427]
```

லாஜிட்டுகளை வகுத்தால் அவற்றின் இடைவெளிகளும் அதே அளவுக்கு வகுபடும். T = 2 என்றால் எல்லா இடைவெளியும் பாதியாகச் சுருங்கும். T = 0.5 என்றால் இரட்டிப்பாக விரியும். நம் நான்கு சொற்களும் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள்:

| சொல் | T = 0.5 | T = 1 | T = 2 | T = 10 |
|---|---|---|---|---|
| மழை | 0.9362 | 0.7325 | 0.5202 | 0.304 |
| காற்று | 0.0466 | 0.1634 | 0.2457 | 0.262 |
| இடி | 0.0171 | 0.0991 | 0.1914 | 0.249 |
| வெயில் | 0.00004 | 0.0049 | 0.0427 | 0.185 |

எந்தப் பத்தியிலும் மழையே முதலிடம், வெயிலே கடைசி. நேர்மறையான எந்த T-யும் வரிசையை மாற்றாது. ஆகவே எப்போதும் முதலிடத்தில் உள்ளதையே எடுக்கும் ஒரு வகைப்படுத்தும் மாடலில் வெப்பநிலையை எவ்வளவு திருகினாலும் சரியான விடைகளின் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறாது, இறங்காது. மாறுவது உறுதியின் அளவு மட்டுமே.

கடைசி வரிசையைத் தனியாகப் பாருங்கள். மழைக்கும் வெயிலுக்கும் இடைவெளி 5. T = 1-இல் மழை வெயிலைவிட 148 மடங்கு வாய்ப்புள்ளது. T = 2-இல் அந்த இடைவெளி 2.5 ஆகி, விகிதம் 12-ஆகச் சரிகிறது. T = 0.5-இல் இடைவெளி 10, விகிதம் 22,026. மழைக்கும் காற்றுக்கும் இடையிலோ T-யை 1-இலிருந்து 2-ஆக்கும்போது விகிதம் 4.48-இலிருந்து 2.12-க்குத்தான் இறங்கியது. வெப்பநிலையைக் கூட்டும்போது பெரிதும் ஆதாயம் அடைவது முதலிடத்துக்கு நெருங்கிய நல்ல மாற்றுச் சொற்கள் அல்ல, அடியில் கிடந்த பொருந்தாத சொற்கள்தாம். அடுத்து வரும் சிக்கலுக்கு வேர் இதுவே.

இரு எல்லைகளையும் சொல்லிவிடலாம். T மிக மிகப் பெரிதானால் எல்லாச் சொல்லும் சமவாய்ப்புக்கு நெருங்கும். நான்கு சொல் என்றால் ஆளுக்கு 0.25. T பூஜ்யத்தை நெருங்கினால் முதலிடச் சொல் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். சரியாகப் பூஜ்யம் என்றால் வகுக்க முடியாது. மேலே உள்ள நிரலில் `T=0` கொடுத்தால் `nan` வரும். பயன்பாட்டு மென்பொருள்களில் பூஜ்யம் கொடுக்க இடம் இருந்தால், அங்கே சாஃப்ட்மேக்ஸைத் தாண்டிவிட்டு மிகப் பெரிய லாஜிட்டை நேரே எடுக்கும் தனிக் கிளை எழுதப்பட்டிருக்கும். நீங்களே எழுதுவதானால் அந்தக் கிளையை மறக்காதீர்கள்.

நான்கு சொல்லில் தெரியாத ஆபத்து

மேலே உள்ள அட்டவணையைப் பார்த்தால் T = 2 ஒன்றும் பயமுறுத்துவதாக இல்லை. மழைக்கு இன்னும் 52 விழுக்காடு இருக்கிறது. ஆனால் உண்மையான மொழி மாடலின் சொற்பட்டியலில் நான்கு அல்ல, டோக்கன்கள் எனப்படும் சொற்களும் சொல்துண்டுகளும் பல்லாயிரம் இருக்கும். அங்கே கணக்கு வேறு மாதிரி ஓடும்.

எளிமைக்காக, சரியான ஒரு டோக்கனுக்கு லாஜிட் 12, பொருந்தாத 50,000 டோக்கன்களுக்கு ஆளுக்கு 0 என்று வைத்துக்கொள்வோம். T = 1-இல் e¹² என்பது சுமார் 1,62,755. பொருந்தாதவை ஒவ்வொன்றும் 1, மொத்தம் 50,000. சரியான டோக்கனின் நிகழ்தகவு 1,62,755 / 2,12,755, அதாவது 0.765.

இப்போது T = 0.7. இடைவெளி 12 / 0.7 = 17.14 ஆகிறது. சரியான டோக்கன் 0.998-க்கு ஏறிவிடுகிறது.

T = 1.5 வைத்தால் இடைவெளி 8. e⁸ என்பது 2,981. எதிரில் 50,000. சரியான டோக்கனின் நிகழ்தகவு 0.056-தான். நூறு முறை குலுக்கி எடுத்தால் தொண்ணூற்று நான்கு முறை குப்பை வரும்.

0.7-இலிருந்து 1.5-க்குப் போனதில் 99.8 விழுக்காடு 5.6 ஆனது. வரிசையின் அடியில் வாலாக நீளும் ஒவ்வொரு டோக்கனும் தனித்தனியே அற்பமானதுதான். எண்ணிக்கையில் அவை 50,000 என்பதால் கூட்டாகச் சேர்ந்து வென்றுவிடுகின்றன. வெப்பநிலையைச் சற்றுக் கூட்டியதும் உரை மெல்ல மெல்லக் கெடாமல், ஒரு புள்ளியைத் தாண்டியதும் திடீரென உளறலாக மாறுவது இதனால்தான். உண்மையான மாடல்களில் வால் இப்படிச் சமதளமாக இருக்காது, ஆகவே அந்தப் புள்ளி மாடலுக்கு மாடல் மாறும். நிகழ்வு இதேதான்.

இதற்கு மருந்து வாலை வெட்டுவது. மேலே உள்ள அதே நிலையில், லாஜிட்டில் முதல் 50 டோக்கன்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினால், T = 1.5-இலும் சரியான டோக்கனுக்கு 2,981 / 3,030, அதாவது 0.984 கிடைக்கும். அதிக வெப்பநிலை வேண்டுமென்றால் வெட்டலையும் சேர்த்தே வையுங்கள். தனியாக T-யை மட்டும் ஏற்றுவதை எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டோம்.

வெட்டுவதில் இரு வகை உண்டு. முதல் k டோக்கன்களை வைப்பது `top_k`. நிகழ்தகவுகளை மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்து குறிப்பிட்ட அளவை எட்டியதும் நிறுத்துவது `top_p`. வெப்பநிலை வரிசையை மாற்றாது என்பதால், `top_k`-யை வெப்பநிலைக்கு முன்னால் செய்தாலும் பின்னால் செய்தாலும் ஒன்றே. `top_p` அப்படியல்ல. நம் நான்கு சொற்களில் `top_p` 0.9 என்று வைத்துப் பாருங்கள். T = 1-இல் மழையும் காற்றும் சேர்ந்து 0.8959, இன்னும் 0.9 ஆகவில்லை, ஆகவே இடியும் உள்ளே வரும். மூன்று சொற்கள் தேறும். T = 0.5-இல் மழை ஒன்றே 0.9362, மற்ற எல்லாம் வெளியே. வெப்பநிலையை முதலில் செலுத்திவிட்டு வெட்டும் மென்பொருளில் இந்த அமைப்பு எப்போதும் மழையையே எழுதும். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு வெப்பநிலையைச் செலுத்தும் மென்பொருளில் காற்றும் இடியும் எப்போதாவது எட்டிப் பார்க்கும். ஒரே எண்களைக் கொடுத்தும் இரு மென்பொருள்கள் வேறு மாதிரி எழுதினால் முதலில் இந்த வரிசையைச் சோதியுங்கள்.

எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை. மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் நீளமான உரை எழுதவிட்டால் மாடல் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப எழுதும் சுழலில் சிக்குவது வழக்கம். ஒருமுறை எழுதிய தொடர் அடுத்த முறை அதே தொடருக்கான லாஜிட்டை உயர்த்துகிறது. தாழ்ந்த T அந்த உயர்வைப் பெருக்கிவிடுகிறது. வெளியேற வாய்ப்பே மிஞ்சுவதில்லை.

தவறு எங்கே நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது

அடிக்கடி நடப்பது சாஃப்ட்மேக்ஸை இருமுறை செலுத்துவது. பைடார்ச் என்ற நிரல் நூலகத்தில், மாடலின் தவறை இழப்பு என்ற எண்ணாக அளக்கும் `CrossEntropyLoss` தனக்குள்ளேயே லாக்-சாஃப்ட்மேக்ஸைச் செய்துகொள்கிறது. அது எதிர்பார்ப்பது லாஜிட்டுகளை. மாடலின் கடைசி அடுக்கில் ஒரு சாஃப்ட்மேக்ஸை வைத்துவிட்டு அதன் விடையை இதற்குக் கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. பயிற்சி ஓடும், இழப்பும் சற்று இறங்கும், பிறகு ஓரிடத்தில் நின்றுவிடும். நம் எடுத்துக்காட்டில் இருமுறை செலுத்தினால் 0.7325 என்பது 0.3876 ஆகிவிடும், வெயில்கூட 0.1872-க்கு ஏறிவிடும். முதல் சாஃப்ட்மேக்ஸுக்குப் பிறகு எல்லா எண்ணும் 0-க்கும் 1-க்கும் நடுவே அடைபட்டுவிடுவதால், இடைவெளி 1-ஐத் தாண்டவே முடியாது. ஆகவே எந்த விடையும் இன்னொன்றைவிட 2.718 மடங்குக்கு மேல் போகாது. கண்டுபிடிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது: 10 வகைகள் உள்ள மாடலில் மிக உயர்ந்த நிகழ்தகவு எப்போதும் 0.232-ஐத் தாண்டாமல் முட்டிக்கொண்டு நின்றால், எங்கோ இரண்டாவது சாஃப்ட்மேக்ஸ் ஒளிந்திருக்கிறது. அந்த எண் e / (e + 9) என்பதன் விடை.

இன்னொன்று, லாஜிட்டுக்குப் பதில் நிகழ்தகவை T-ஆல் வகுப்பது. வகுத்துவிட்டுக் கூட்டுத்தொகை 1 ஆகும்படி சரிசெய்தால் T இரு பக்கமும் அடிபட்டுப் போய், பழைய விடையே திரும்ப வரும். வெப்பநிலையை மாற்றியும் எதுவும் மாறவில்லை என்றால் இதைப் பாருங்கள். கையில் நிகழ்தகவு மட்டுமே இருக்கிறது, லாஜிட் இல்லை என்றால் வழியில்லாமல் இல்லை: ஒவ்வொரு நிகழ்தகவையும் 1/T என்ற அடுக்குக்கு உயர்த்தி, பிறகு கூட்டுத்தொகையால் வகுத்தால் அதே பலன் கிடைக்கும்.

அச்சைத் தவறாகக் கொடுப்பதும் உண்டு. 32 எடுத்துக்காட்டுகள், 10 வகைகள் கொண்ட அணியில் `axis=0` கொடுத்தால் வகைகளுக்குள் அல்லாமல் எடுத்துக்காட்டுகளுக்குள் நிகழ்தகவு பங்கிடப்படும். ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையும் 1 வருகிறதா என்று ஒரு வரி சோதனை எழுதிவைத்தால் போதும்.

மாடல் சொல்லும் உறுதியை நம்பலாமா

இதுவரை பேசியது உரை எழுதவைக்கும்போது நாம் திருகும் வெப்பநிலை. வகைப்படுத்தும் மாடல்களில் அதற்கு வேறொரு பயன் உண்டு. மாடல் 95 விழுக்காடு உறுதியோடு சொன்ன விடைகளில் உண்மையில் நூற்றுக்கு 95 சரியாக இருக்க வேண்டும். ஆழமான நரம்பியல் வலைகள் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை, மிகையான உறுதியோடு பேசுகின்றன. ஒரே ஒரு T-யைக் கண்டுபிடித்து லாஜிட்டுகளை வகுத்தாலே இது பெருமளவு சரியாகும் என்று 2017-இல் குவோவும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். இதை வெப்பநிலை அளவுத்திருத்தம் எனலாம்.

இரு வகை மாடலை வைத்துக் கணக்குப் போடுவோம். மாடல் 0.95 என்று சொன்ன இடங்களில் உண்மையில் 100-க்கு 80 மட்டுமே சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.95 என்றால் இரு லாஜிட்டுகளுக்கும் இடைவெளி ln(0.95/0.05) = 2.944. 0.80-க்கு வேண்டிய இடைவெளி ln(0.80/0.20) = 1.386. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் T = 2.12. இதே T-யால், முன்பு 0.99 என்று சொன்ன இடம் சுமார் 0.90-க்கு இறங்கும். விடை எதுவும் மாறவில்லை, உறுதி மட்டும் அடங்கியது.

நடைமுறையில் ஒரு புள்ளியை வைத்து T-யைத் தீர்மானிக்க மாட்டோம். பயிற்சியில் சேராத தனித் தரவுத் தொகுப்பின் லாஜிட்டுகளைச் சேமித்துக்கொண்டு, T-யை 0.5-இலிருந்து 5 வரை 0.05 இடைவெளியில் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் சரியான விடைக்குக் கிடைத்த நிகழ்தகவின் எதிர்மறை லாக்கைச் சராசரி எடுங்கள். சராசரி மிகக் குறைவாக வரும் T-தான் தேவையானது. மேலே சொன்ன இடங்களில் 0.95 என்றே சொல்லிக்கொண்டிருந்தால் சராசரி 0.640 வரும், 0.80 என்று சொன்னால் 0.500. தவறான இருபது விடைகளில் காட்டிய மிகையுறுதிக்கு விழும் தண்டனை, சரியான எண்பதில் கிடைக்கும் ஆதாயத்தைவிடக் கனமானது. அதனால்தான் இந்த அளவுகோல் நேர்மையான T-யை நோக்கி இழுக்கிறது.

பயிற்சித் தரவை வைத்தே T-யைக் கண்டுபிடிப்பது பெரும்பிழை. மாடல் அந்தத் தரவை ஏற்கெனவே மனப்பாடம் செய்திருக்கும், ஏறத்தாழ எல்லாமே சரியாக வரும், T 1-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ விழும். மிகையுறுதி அப்படியே தங்கிவிடும்.

ஒரு T எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் செல்லும் என்பதால், ஒரு வகையில் மிகையுறுதியும் இன்னொரு வகையில் குறையுறுதியும் இருந்தால் இதனால் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. வகைவாரியாகப் பிரித்துப் பார்த்துத்தான் அது தெரியவரும். பயிற்சியில் கண்டிராத முற்றிலும் புதிய உள்ளீடு வந்தாலும் சாஃப்ட்மேக்ஸ் இருக்கும் வகைகளுக்குள்ளேயே 1-ஐப் பங்கிட்டுத் தீர வேண்டும், "இவற்றில் எதுவும் இல்லை" என்று சொல்ல அதற்கு இடமில்லை. பூனை, நாய் இரண்டை மட்டும் கற்ற மாடலிடம் நாற்காலியின் படத்தைக் கொடுத்தால், லாஜிட்டுகள் 6, 1 என்று அமைந்தால் 0.993 பூனை என்று வரும். T = 2.12 வைத்தாலும் 0.91 பூனைதான்.